புதன்கிழமைக்கு முதல்

— குனி, புஸ்பம். இன்னும் குனி. தலை வெளியால தெரியுது.

— தோணிக்குள்ள தண்ணி ஏறுது. குனிஞ்சுகொண்டு எப்படி அள்ளி ஊத்துறது?

— இப்ப ஊத்தாத. வெயிலுக்குத் தகரப் பேணி மினுங்கும். மேல பறக்கிற ஆமிக் கெலி போகட்டும்.

— போகல்லயே. அந்தத் தொங்கலுக்குப் போயிற்றுத் திரும்பவும் கிறுகுது.

— அந்தக் கண்ணாமரக் கொப்பைப் பிடிச்சு இழு. தோணி முழுக்க நிழலுக்குள்ள வரவேணும். இன்னும் கொஞ்சம். ஆ, காணும். கையைக் கீறிற்றா?

— கீறினாப் பரவாயில்ல. உங்கட அக்காட தோணி எங்க? பின்னால வந்துகொண்டிருந்தவ.

— அங்கால மற்றப் பத்தைக்குள்ள பூந்திட்டா. பயப்படாத. தோணி வலிக்கிறது முத்தலிப் நானா. இந்த ஆத்தில அவருக்குத் தெரியாத பத்தை இல்ல.

— தம்பியேய்… இராசதுரை… உயிரோட இருக்கியளா?

— இருக்கிறம் அக்கா. கத்தாத.

— நான் எங்க கத்தினன்? இந்த அறுவான் சேவல்தான் கத்துது. புதன்கிழமைச் சடங்கு முடிஞ்சு, வியாழக்கிழமைச் சாப்பாட்டுக்கு எண்டு வாங்கினது. சத்தத்துக்குக் கெலி வந்திடுமோ எண்டு முத்தலிப் நானா கேக்கிறார்.

— கெலிக்காரனுக்குச் சேவல் சத்தம் கேக்காது. நீ வாயைப் பொத்திக்கொண்டு இரு.

— என்ட வாயைப் பொத்தினா ஆர் உனக்குக் கலியாணம் பேசுறதாம்? மச்சாள், நீ பயப்படாதகா. புதன்கிழமைக்கு நிச்சயத் தட்டு மாறாம ஒருத்தரும் சாகேலாது. நான் விடமாட்டன்.

— சிரிக்கிறாயா, புஸ்பம்?

— சிரிக்கல்ல. நடுங்குது. உங்களிட்ட ஒரு விஷயம் சொல்லவேணும். இப்பவே சொல்லவேணும்.

— இப்பவா? மேல கெலி, கீழ தண்ணி. நடுவில கதையா?

— ஓம். மூண்டு கிழமையா இதுக்கு ஒரு இடம் தேடித் திரியிறன். வீட்டில அம்மா பக்கத்தில. கோயிலில உங்கட அக்கா பக்கத்தில. இண்டைக்கு அவ எங்களை ஒரு தோணியில ஏத்தினதே மற்றத் தோணிக்குள்ள வாழைக்குலையும் சேவலும் நிறைஞ்சதால. கெலி வந்ததால இந்தளவு தனிமையும் கிடைச்சிருக்கு. புதன்கிழமை தட்டு மாறினாப் பிறகு சொன்னா அது சொல்லுறதில்ல. உங்களை மாட்டிவிடுறது.

— சரி. சொல்லு.

— நான் முடிக்கும் வரைக்கும் இடையில கதைக்க வேணாம். முடிஞ்சாப் பிறகு என்ன வேணுமெண்டாலும் கேளுங்க. முடிவை இண்டைக்குச் சொல்ல வேணாம். நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள சொன்னாக் காணும். வேணாம் எண்டா சாதகம் சரிவரல்ல எண்டு அக்காட்டச் சொல்லுங்க. நான் எதிர்த்துக் கதைக்கமாட்டன்.

— பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறாய்.

— ஓம். நெல்லு அவிக்கக்க, தண்ணிக்குப் போகக்க எல்லாம் இதைத்தான் பாடமாக்கினன். அழாமச் சொல்லிப் பழகினன். அழுதா நீங்க பாவம் பாத்து ஓம் எண்டு சொல்லுவீங்க. பாவம் பாத்து வாற ஓம் ஒரு வருஷத்துக்கும் தாங்காது.

— பேணியை என்னட்டத் தா. கெலி அங்கால போகுது. நான் மெல்ல ஊத்துறன். நீ சொல்லு.

— உங்களுக்கு முதல் எனக்கு ஒராள் இருந்தவர். சும்மா கடிதம் குடுத்துச் சிரிச்ச கதையில்ல. நாற்பத்தேழு நாள் புருஷன் பொண்சாதியா இருந்த நாங்க. தாலி இல்ல. கலியாண எழுத்து, பதிவு ஒண்டும் இல்ல. அவர்ட பேர் வினாயகமூர்த்தி. இயந்திரம் திருத்துற வேலை.

…

— கேக்கிறீங்களா?

— இடையில கதைக்க வேணாம் எண்டாய்.

— தொண்ணூறாம் ஆண்டு ஆவணி. நான் டவுணில தையல் கடையில நிண்டன். சண்டை துவங்க ரோட்டெல்லாம் அடைச்சுப்போட்டாங்க. அம்மாவும் அண்ணனும் ஆத்துக்கு மேற்கால படுவான்கரையில. நான் கிழக்கால எழுவான்கரையில. ஒரு பள்ளிக்கூடத்தை முகாமாக்கி எங்களை விட்டாங்க. சாமான் குடுக்கக் குடும்பம் குடும்பமாப் பேர் எழுதினாங்க. தனிக் குமருகளை வேற மண்டபத்தில போடப்போறம் எண்டாங்க. அந்த மண்டபத்துக்குக் கதவும் இல்ல, யன்னலும் இல்ல. எழுதுறவர் என்னைப் பாத்து, இவ ஆர் எண்டு கேட்டார். வரிசையில எனக்குப் பின்னால நிண்ட மூர்த்தி, என்ட பொண்சாதி எண்டான். அவனை அதுக்கு முதல் கடை வாசலில ரெண்டு மூண்டு தரம் கண்டிருப்பன். அவ்வளவுதான்.

— ம். ஊத்துறன், சொல்லு.

— நான் இல்லை எண்டு சொல்லல்ல. பயத்தில பேசாம இருந்தன் எண்டு அம்மாக்குச் சொல்லியிருக்கிறன். உங்களுக்கு அப்படிச் சொல்லமாட்டன். முதல் நாள் பயம். மற்ற நாற்பத்தாறு நாளும் பயம் இல்ல. எனக்கு விருப்பம். அவன் என்னை ஏமாத்தல்ல, நான் அவனை ஏமாத்தல்ல. ரோட்டுத் திறந்த உடன எழுத்து வைக்கிறது எண்டு கதைச்சிருந்த நாங்க.

— மறுகா?

— மறுகா என்ன. நாற்பத்தெட்டாம் நாள் விடிய ஆமிக்காரங்க பள்ளிக்கூடத்தைச் சுத்தி வளைச்சாங்க.

— தம்பியேய்! திரும்பவும் வருது!

— குனி, புஸ்பம். முகத்தை மறை. வெள்ளைச் சீலை தெரியும், தலைப்பை உள்ளுக்க எடு. அசையாத.

— சுடுறானா?

— இல்ல. பதிஞ்சு பறந்து பாக்கிறான். மூச்சு விடு. தோணி ஆடாமப் பாத்துக்கோ.

— இப்படி ரெண்டு பேரும் செத்துப்போனா, அரைவாசிக் கதையோட போயிருப்பீங்க.

— போகமாட்டன். மிச்சத்தைச் சொல்லு. அங்கால போயிட்டான்.

— இல்ல. முதல் நீங்க கேக்க வேண்டியதக் கேளுங்க. உங்கட முகம் வெளுத்துக்கிடக்கு.

— வெயில்.

— நிழலுக்குள்ள இருக்கிறம்.

— சரி. கேக்கிறன். பிள்ளை?

— இல்ல. தங்கல்ல எண்டும் இல்ல, அப்படி ஒண்டு வரவே இல்ல. மற்ற விபரம் கேட்டாச் சொல்லமாட்டன். புருஷன் பொண்சாதி எண்டு சொன்னனே, அதுக்குள்ள எல்லாம் அடக்கம். மிச்சம் அவனுக்கும் எனக்கும் உரியது. அத உங்களுக்குச் சொல்லுறது அவனுக்குச் செய்யிற துரோகம். நாளைக்கு உங்களப் பத்தியும் நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.

— இது ஆருக்கெல்லாம் தெரியும்?

— அம்மா, அண்ணன். முகாமில பக்கத்துப் பாயில கிடந்த ஆறேழு குடும்பம். றபீக்கா எண்டு ஒரு சிநேகிதி. உங்கட காதுக்கு வேற ஆரும் கொண்டுவரக்கூடாது. அதுதான் நானே சொல்லுறன். அம்மா என்ட தலையில கை வைச்சுச் சத்தியம் கேட்டவ, வாய் திறக்காத எண்டு. வீடு எரிஞ்சு போச்சு, இருபத்தொன்பது வயசு, உன்னை இனி ஆர் எடுப்பான் எண்டு கேட்டா. நான் சத்தியம் பண்ணல்ல.

— கடதாசி ஏதும் இருக்கா?

— இருக்கு. அதுதான் முக்கியம். முகாம் அட்டையில அவன்ட பேருக்குக் கீழ பொண்சாதி எண்டு என்ட பேர் இருக்கு. காணாமல் போனவர் எண்டு குடுத்த முறைப்பாட்டிலயும் மனைவி எண்டுதான் எழுதியிருக்கு. நாலு வருஷத்தில ஏழு இடத்தில குடுத்திருக்கிறன். கலியாணம் பதியிற எழுத்துக்காரரிட்டப் போய்க் கேட்டன். முகாம் அட்டை கலியாணம் இல்ல, பிள்ள, நீ மணமாகாதவள் எண்டே எழுதலாம், பொய் இல்ல எண்டார். உங்களுக்குச் சட்டத்தில ஒரு கரைச்சலும் வராது. ஆனா எண்டைக்காவது ஒரு ஜீப் வந்து, வினாயகமூர்த்திட பொண்சாதி ஆர் எண்டு கேட்டா, உங்கட வாசலில நிண்டுதான் கேப்பாங்க. அதைத் தெரிஞ்சுகொண்டு முடிவெடுங்க.

— இன்னும் அவன நினைக்கிறாயா?

— ஓம்.

— யோசிக்காமச் சொல்லுறாய்.

— யோசிச்சாப் பொய் வரும். ஒவ்வொரு நாளும் இல்ல. இயந்திரச் சத்தம் கேட்டா வரும். சோறு குறையக் குடுத்தாச் சண்டை பிடிக்கிற ஒருவரைக் கண்டா வரும். அவன் அப்படி. ஒரு சுண்டு அரிசி குறைஞ்சா முகாமையே எழுப்பிப்போடுவான். அதுக்காக உங்களை அரைமனசோட கட்ட வரல்ல. நீங்க என்ட அம்மாவுக்கு மருந்து வாங்கப் பதினாலு மைல் சைக்கிள் மிதிச்சீங்க. வந்து சொல்லக்கூட இல்ல, அண்ணன் சொல்லித்தான் தெரியும். அண்டையில இருந்து எனக்கு உங்கள விருப்பம். இதுவும் உண்மைதான்.

— அவன் திரும்பி வந்தா?

— இதைக் கேக்கமாட்டீங்களோ எண்டு பயந்துகொண்டிருந்தன். வந்தா, நான் உங்கட பொண்சாதி எண்டு அவனுக்கு முன்னால போய் நிண்டு சொல்லுவன். ஒளிக்கமாட்டன். அவனோட போகமாட்டன். ஆனா அவன் வராமல் இருக்கவேணும் எண்டு நேந்துகொள்ளச் சொன்னா அது என்னால ஏலாது.

— நான் அப்படிச் சொல்லமாட்டன்.

— இன்னும் ஒண்டு. நான் தேடுறதை நிப்பாட்டமாட்டன். செத்துப்போனான் எண்டு ஒரு துண்டாவது கையில கிடைக்கும் வரைக்கும் தேடுவன். பொண்சாதியாத் தேடல்ல. எனக்காகப் பொய் சொல்லிப் பட்டியலில பேர் எழுதுவிச்ச ஒரு மனிசனத் தேடுறன். இதுக்கு நீங்க சம்மதிக்காட்டி, இப்பவே வேணாம் எண்டு சொல்லிப்போடுங்க. நான் கரையில இறங்கி நடந்து போயிடுவன்.

— நான் இன்னும் ஒண்டும் சொல்லல்லயே.

— அதுதான் பயமாக்கிடக்கு. கோவமெண்டாலும் படுங்க. கேவலமா ஒரு வார்த்தையாவது சொல்லுங்க. பேணியைக் கையில வைச்சுக்கொண்டு சும்மா இருக்கிறீங்க. தண்ணி கணுக்காலுக்கு வந்திட்டு.

— ஊத்துறன். இந்தா, ஊத்துறன். அண்டைக்கு நடந்ததச் சொல்லு. சுத்தி வளைச்சதில இருந்து.

— அது உங்களுக்கு என்னத்துக்கு? என்ட பங்கைச் சொல்லிப்போட்டன்.

— சொல்லு, புஸ்பம். கேக்கவேணும்.

— பொம்பிளைகளைப் படிக்கட்டில இருத்தினாங்க. ஆம்பிளைகள் முத்தத்தில. ஜீப்பில ஆளைக் காட்டிக்குடுக்கிற ஒரு தலையாட்டி, தலையில சாக்கு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. அவனுக்கு முன்னால ரெண்டு ரெண்டு பேராக் கொண்டுவந்து நிப்பாட்டினாங்க. சாக்கு ஆடினா லொறியில ஏத்துவாங்க. ஆடாட்டி வேலியோரம் போய் இருக்கலாம்.

— மறுகா?

— மூர்த்திட முறை வந்திச்சு. அவனுக்குப் பக்கத்தில இன்னொராள். முகம் தெரியல்ல, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டவன். சிவப்புக் கோடுபோட்ட சேட்டு. அதுமட்டும் இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. அந்த நேரம் பார்த்து ஒரு பொம்பிளை என்ட மடியில மயங்கி விழுந்திட்டா. அவளைப் பிடிச்சுப்போட்டு நிமிந்து பாக்கிறன், மூர்த்தியை லொறிக்குக் கொண்டுபோறாங்க. கோட்டுச் சேட்டுக்காரன் வேலியோரம் போறான். சாக்கு ஒருக்காத்தான் ஆடினது எண்டு பக்கத்தில இருந்தவ சொன்னா.

— ஒருக்காத்தான்.

— ஓம். அதில்ல எனக்கு விளங்காதது. ஒரு சுண்டு அரிசிக்கு ஊரை எழுப்புறவன் அண்டைக்கு வாயே திறக்கல்ல. நான் இல்ல எண்டு ஒரு சொல் சொல்லல்ல. ஒருக்காக் கிறுகிப் பாத்தான், என்னை இல்ல, வேலிப் பக்கம். பேசாம ஏறினான். அதுக்குப் பிறகு முகாமில எல்லாரும் ஒரே கதை, அவன் இயக்கப் பொடியன்தான், குற்றம் இருந்ததாலதான் கத்தல்ல எண்டு. அவன்ட அம்மாவே அப்படி நம்பித்தான் செத்துப்போனா.

— அவன் இயக்கமில்ல.

— எனக்குத் தெரியும். உங்களுக்கு என்னெண்டு தெரியும்?

— நீ சொல்லுற விதத்தில தெரியுது.

— அந்தக் கோட்டுச் சேட்டுக்காரனத்தான் நாலு வருஷமாத் தேடுறன். முறைப்பாட்டுக்கு அவன்தான் வேணும். நாங்க அப்படி ஒராளைப் பிடிக்கல்ல எண்டு ஆமிக்காரங்க எழுதித் தந்திட்டாங்க. நான் கண்டன் எண்டா, நீ பொண்சாதி, உன்ட சொல் காணாது, பக்கத்தில நிண்ட இன்னொரு சாட்சி கொண்டா எண்டுறாங்க. மூர்த்திக்கு ஒரு முழத்துக்குள்ள நிண்டது அவன் மட்டும்தான். சாட்சி சொல்லாட்டியும் பரவாயில்ல. மூர்த்தி ஏன் கத்தல்ல எண்டு அவனிட்ட ஒரு கேள்வி கேட்டாக் காணும். கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போற நேரமெல்லாம் அந்த முகம் தெரியாதவனுக்காகவும் கும்பிட்டிருக்கிறன். அவன் உயிரோட இருந்தாத்தானே எனக்குப் பதில் கிடைக்கும்.

— எனக்காகவும் கும்பிட்டாயா?

— உங்களுக்காகவா? அது வேற கும்பிடு. ஏன் கேக்கிறீங்க?

— தம்பி! கெலி போயிட்டு! நானா சொல்லுறார் இனி வராதாம், எண்ணெய் முடிஞ்சிருக்குமாம். வெளியால வாங்க!

— வாறம் அக்கா. ரெண்டு நிமிஷம். ஓட்டையை அடைக்கவேணும்.

— அடைச்சுக்கொண்டு வா. நாங்க கிட்ட வாறம். பையை மட்டும் நனையவிட்டுப்போடாத, அதுக்குள்ளதான் உன்ட புதுச் சேட்டு. மச்சாள், நீயாவது இவனுக்குப் புத்தி சொல்லுகா. கடையில எவ்வளவு வடிவான கோட்டுச் சேட்டு எடுத்து வைச்சன் தெரியுமா? தொடமாட்டன் எண்டிட்டான். நீலத்தில கோடில்லாமத்தான் எடுத்தன்.

— அக்கா, பேசாம வா.

— ஏன் பேசக்கூடாது? வீட்டுக்கு வாறவளுக்குத் தெரியத்தானே வேணும். தொண்ணூறில முகாமால வந்து நிண்டவன், உடுத்திருந்த கோட்டுச் சேட்டைக் கழட்டி அடுப்புக்குள்ள வைச்சிட்டான். நான் தைச்சுக் குடுத்த சேட்டு! சிவப்புக் கோடு. அண்டையில இருந்து கோடெண்டா உடம்பில படவிடமாட்டான். விசரன். நானா, இஞ்சால தள்ளுங்க, அந்தக் கொப்பு என்ட கண்ணைக் குத்தப்போகுது.

— புஸ்பம்.

— எந்த முகாம்?

— புஸ்பம், என்னைப் பார்.

— எந்த முகாம் எண்டு கேக்கிறன்.

— அதே பள்ளிக்கூடம்தான். வடக்குப் பக்கக் கட்டடம். வந்து மூண்டு நாள்தான்.

— சிவப்புக் கோடு.

— ஓம்.

— நீங்களா? நீங்களா அது? என்ட அம்மாளே. நான் ஊரெல்லாம் தேடினன். ஏழு இடத்தில போய் நிண்டன். பக்கத்திலயா இருந்தீங்க? மூண்டு மாசமா எங்கட வேலியைக் கட்டிக்கொண்டு, அம்மாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு… ஏன் சொல்லல்ல? பயமா? சாட்சி சொன்னா உங்களையும் பிடிப்பாங்க எண்டா? சொல்லியிருக்கலாமே. நான் உங்கட பேர் போடாம முறைப்பாடு குடுத்திருப்பன்.

— மெல்லக் கதை. அக்கா வாறா.

— வரட்டும். நான் அழமாட்டன் எண்டன், இப்ப அழுறன், பாருங்க. இது சந்தோஷம். அவன் இயக்கமில்ல எண்டு சொல்ல ஒராள் உலகத்தில இருக்கு. அப்ப உங்களுக்கு என்னை முதலே தெரியும்.

— தெரியும். லொறிக்குப் பின்னால ஓடினாய். செருப்பில்லாம.

— தெரிஞ்சுதான் கேட்டு வந்தீங்க. இந்தப் பக்கத்தில வீடு இல்லாத பொம்பிளையை ஆரும் கேட்டு வருவாங்களா? சீதனமா வீடு குடுக்கிறது பொம்பிளை வீட்டுக்காரர் நாங்கதானே. நீங்க, வீடு வேணாம், நானே கட்டித் தாறன் எண்டீங்க. ஊரே சிரிச்சது. அண்ணன், இவனுக்கு என்ன குறையோ எண்டு விசாரிச்சான். பாவம் பாத்தா வந்தீங்க?

— பாவம் இல்ல. துவக்கத்தில வேற ஒண்டு. இப்ப விருப்பம். ரெண்டையும் பிரிக்க எனக்குத் தெரியல்ல. நீ சொன்ன மாதிரி இதையெல்லாம் புதன்கிழமைக்கு முதல் சொல்லவேணும் எண்டு நானும்தான் இடம் தேடினன். நீ தேடி எடுத்தாய். நான் தேடுற மாதிரி நடிச்சன்.

— என்ன சொல்லவேணும்? நீங்க பிழை ஒண்டும் செய்யல்லயே. தப்பினீங்க. அவ்வளவுதானே. தப்பினது பிழையா? அதைவிடுங்க. மூர்த்தி ஏன் கத்தல்ல? அதை மட்டும் சொல்லுங்க. நீங்க பக்கத்தில நிண்டீங்க. வேலிப் பக்கம் கிறுகி உங்களத்தான் பாத்திருக்கிறான். ஏன்?

— தம்பி, கொப்பைத் தூக்கு! இந்தா வந்திட்டம். என்ன, ரெண்டு பேரும் முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்? தண்ணி கணுக்காலுக்கு மேல ஏறிட்டு, ஊத்துங்க!

— அக்கா, ஒரு நிமிஷம் தள்ளி நில்லு. கும்பிட்டுக் கேக்கிறன்.

— சொல்லுங்க. அவ கேட்டாலும் பரவாயில்ல.

— என்ட கையைப் பிடிக்காத, புஸ்பம். விடு. நீ சொன்ன மாதிரி, முடிவை நாளைக்குப் பின்னேரம் சொல்லு. என்னை வேணாம் எண்டா சாதகம் சரிவரல்ல எண்டு சொல்லு. சாட்சி மட்டும் நான் எப்படியும் சொல்லுவன், எந்த ஆமி முகாமுக்கு எண்டாலும் வந்து என்ட பேரோட சொல்லுவன்.

— என்ன சாட்சி? என்ன சொல்லப்போறீங்க?

— சாக்கு ஆடக்க ஆமிக்காரன் அங்கால பாத்துக்கொண்டு நிண்டவன். கிறுகி, ரெண்டு பேரில ஆர் எண்டு கேட்டான். நான் இல்ல எண்டு மூர்த்தி ஒரு சொல் சொல்லியிருந்தா, மற்றது நான்தான். அந்தத் தலை ஆடினது எனக்கு, புஸ்பம். மூர்த்தியை முன்னால விட்டிட்டு நான் ஒரு அடி பின்னுக்கு வைச்சன்.